நன்றிப் பக்கத்தின் முதல் பத்தி

துறையில் ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் மறுபடி மேடம். எந்த இயலைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வரி விடாமல் படிப்பார். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். வைத்தாரென்றால் கதை முடிந்தது. "மறுபடி எழுதும்மா" என்பார். ஆண்பிள்ளையாக இருந்தாலும் "எழுதும்மா"தான். பட்டப்பெயர் அவர் காதுக்கும் வந்திருந்தது. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வராந்தாவில் இதைவிட மோசமான பெயர்களெல்லாம் புழங்கின. துறைத்தலைவருடையதை இங்கே எழுதவே முடியாது.

இப்படி அட்டை முதல் பின்னிணைப்பு வரை சல்லடை போட்டுச் சலிக்கிற மனுஷி, ஒரே ஒரு பக்கத்தை மட்டும் படிக்காமல் தள்ளிவிடுவார். நன்றிப் பக்கம். தன்னைப் புகழ்ந்து எழுதியிருப்பதைத் தானே உட்கார்ந்து திருத்துவதாவது! அவருக்கு உடம்பெல்லாம் கூசும். "அது உன் சொந்த விஷயம், நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிவிடுவார். தன் மாணவர்கள் தனக்கு என்ன நன்றி சொன்னார்கள் என்று இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததே இல்லை. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

போன வருஷம் வேறொரு துறைப் பையன் வந்து இந்த நிம்மதியைக் கெடுத்தான். தன் ஆய்வேட்டில் கடவுளில் தொடங்கி, ஒன்றுவிட்ட சித்தப்பாக்களைக் கடந்து, பக்கத்து வீட்டு வைஃபையையும் தன் நாய்க்குட்டியையும் தொட்டு, பக்கம் பக்கமாக நன்றி எழுதிவைத்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடக்கும்போதே நாய்க்குட்டி சௌக்கியமா என்று கேட்டுவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு மானம் போயிற்று. உடனே ஒரு சுற்றறிக்கை வந்தது: நன்றியுரை ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, நெறியாளர் படித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட வேண்டும், இல்லாவிட்டால் அலுவலகம் ஆய்வேட்டை வாங்காது.

அதனால்தான் அன்று காலை மறுபடி மேடம் தன் அறையில் ஒரு நன்றியுரையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறை என்று பெயர்தான். இரும்பு பீரோவுக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு நாற்காலி, எதிரே இன்னொன்று. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். யாராவது உள்ளே வந்தால் கதவைச் சாத்தினால்தான் உட்கார முடியும்.

எழுதியவள் ஒரு பள்ளிக்கூட டீச்சர். வேலைக்குப் போய்க்கொண்டே, ஒரு குழந்தையையும் வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவள். பேருந்து வரும் நேரம் பெண்கள் எந்த வேலைக்குப் போக முடியும் என்பதை எப்படி முடிவு செய்கிறது என்பது தலைப்பு. நகரத்து நிறுத்தங்களில் நின்று நின்று, வேலைக்குப் போகிற பெண்களிடம் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதியது. நல்ல ஆய்வு. நன்றியுரை மட்டும் மூன்றரைப் பக்கம்.

மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்து முதல் பத்தியைப் படித்தார்.

'கண்டிப்பில் தந்தையாகவும் கனிவில் தாயாகவும் விளங்கி, அறிவின் பெருமரமாய் நிற்கும் என் நெறியாளரின் நிழலில் ஒதுங்கக் கிடைத்தது நான் செய்த தவப்பயன். அவர் சுட்டிய திசையில் நடந்தேன். வேறொன்றும் நான் அறியேன்.'

அந்தப் பத்தியில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரியும். அதை எழுதியவரே அவர்தான்.

எழுதிய கதை இது. அவருடைய நெறியாளரைத் துறையில் எல்லோரும் பெரிய சார் என்பார்கள். பெரிய சாரின் நிழலில் அவர் ஒதுங்கியது உண்மைதான், வெயிலுக்கு விட்டால்தானே! பெரிய சாரின் விடைத்தாள்களை இவர்தான் திருத்தினார். பெரிய சார் மகளின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு முகவரி எழுதினார். சாரின் கட்டுரைகளுக்கு அட்டவணை போட்டார். கட்டுரையில் இவர் பெயர் வராது. ஆய்வேடு எழுதி முடித்த பிறகும் கையெழுத்துக்காக நாள்கணக்கில் அவர் வீட்டு வாசலில் நின்றார். முதலில் எழுதிய நன்றியுரையில் சாருக்கு இரண்டு வரிதான் இருந்தது. என்னை மாணவியாக ஏற்றுக்கொண்டதற்கும் நூலகத்தில் இல்லாத நூல்களைத் தந்ததற்கும் நன்றி. இரண்டும் உண்மை. சார் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கொஞ்சம் மனசு வெச்சு எழுதும்மா" என்றார். ஆய்வேட்டில் வைப்பதற்காக நெறியாளர் கையெழுத்துப் போட வேண்டிய சான்றிதழ் அவர் மேசையில் கிடந்தது. அதைத் தொடவே இல்லை.

இவர் வீட்டுக்கு வந்து அழுதார். "ஒரு பத்திதானே, எழுதிக் குடுத்துட்டு வந்துடு. உன் கையிலேருந்து என்ன போகுது?" என்றார் கணவர். நல்ல மனிதர், உலகம் தெரிந்தவர். மறுநாள் பெரிய சார் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிற அத்தனை வெறுப்பையும் தேனில் தோய்த்து அந்தப் பத்தியை எழுதினார். வேறொன்றும் நான் அறியேன் என்று எழுதும்போது ஒரு வக்கிரமான சந்தோஷம்கூட இருந்தது. பெரிய சார் படித்தார். கண் கலங்கினார். கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டாரா? ஓய்வு பெற்ற அன்று மேடையில் அந்தப் பத்தியை வாசித்துவிட்டு, "இந்தப் பொண்ணுதான், எழுந்து நில்லும்மா" என்றார். இவரும் எழுந்து நின்றார். இன்றைக்கும் மாதம் ஒரு தடவை போன் செய்து, "என் நிழல்ல வளந்தவதானே நீ, ஒரு வேலை ஆகணும்" என்று ஆரம்பிப்பார். யாருடைய பேரனுக்கோ இடம், யாருடைய கட்டுரையோ திருத்தம். இவரால் முடியாது என்று சொல்ல முடிவதில்லை. எழுதிக் கொடுத்தது அச்சில் இருக்கிறதே!

மேடம் எழுந்து நேரே நூலகத்துக்குப் போனார். துறையின் ஆய்வேடுகள் இருக்கும் அலமாரி கடைசி மூலையில் இருந்தது. தன் மாணவர்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாக உருவி, முதல் பக்கங்களைப் புரட்டினார். தந்தையாகவும் தாயாகவும். பெருமரம். நிழல். தவப்பயன். வேறொன்றும் நான் அறியேன். ஒருத்தர் விடாமல் எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் புதுமை செய்து பெருமரத்தைக் கற்பகத்தரு ஆக்கியிருந்தான்.

"என்ன மேடம், நன்றிப் பக்கமா?" என்றார் நூலகர். "உங்க பிள்ளைங்க வந்தாலே மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. உங்க தீசிஸ்ல அந்தப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து எடுத்துக் கிழிஞ்சே போச்சு. நான்தான் டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன்."

மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பத்தியை எழுதியபோது தான் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. இந்தப் பிள்ளைகளும் அப்படித்தான் உட்கார்ந்தார்களா? பல்லைக் கடித்தார்களா? அவர் கட்டுரைகளில் மாணவர்களின் பெயரை விட்டதில்லை. யாரையும் வாசலில் நிற்கவைத்ததில்லை. ஆனால் விடைத்தாள் திருத்தச் சொன்னதில்லையா? கருத்தரங்குக்குக் கோப்பு அடுக்கச் சொன்னதில்லையா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று இந்த டீச்சர் ஒருநாள் சொன்னபோது, "விருந்தினரை மட்டும் ஸ்டேஷன்ல கூப்பிட்டு வந்துட்டுப் போம்மா" என்று சொன்னது யார்? பெரிய சாரின் குரல் தன் வாயிலிருந்தே வந்ததுபோல் இருந்தது அவருக்கு. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வெறி பிடித்துவிட்டது. தானும் பெரிய சாரும் ஒன்றுதானா என்று எழுதியவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாலையில் பள்ளி விட்டதும் டீச்சர் வந்தாள். கதவைச் சாத்திவிட்டு எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். மேடம் சுலபமான இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"இதென்ன, நாலு பொண்ணுங்க பேரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கே?"

"அவங்கதான் மேடம் ரொம்ப உதவி பண்ணினாங்க. தினமும் ஸ்டாப்புல நின்னு பேசினாங்க."

"பேரை வெளிய சொல்ல மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டுத்தானே பேட்டி எடுத்தே? மூணாம் இயல்ல அவங்களை எண் போட்டு மறைச்சுட்டு, முன்னாடி வந்து பேரை விளம்பரம் பண்றியா? அவங்க முதலாளி படிச்சா?"

டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, தோணவே இல்ல மேடம்!"

"'பேச நேரம் தந்த பெண்களுக்கு'ன்னு போடு. அவங்களை ஏன் கடைசியில தள்ளியிருக்கே? அவங்க இல்லாம இந்த தீசிஸே இல்லையே. மேல கொண்டு வா." பேனா கீழே இறங்கியது. "வைவாவுக்கு வரப்போற தேர்வாளருக்கு நன்றியா? எடு. இன்னும் மார்க்கே போடலை, அதுக்குள்ள ஐஸ் வைக்கிறேன்னு நினைப்பார். உதவித்தொகை குடுத்தவங்களை விட்டுட்டியே, அது கட்டாயம். அவங்க குடுத்த வாசகத்தை அப்படியே போடணும். டிப்போ நேரக் காப்பாளர் என்ன பண்ணினார்?"

"பழைய கால அட்டவணையெல்லாம் தேடி எடுத்துக் குடுத்தார் மேடம்."

"அதை எழுது. 'பேருதவி புரிந்த'ன்னு எழுதினா அவருக்கே எதுக்குன்னு புரியாது. மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன், கொழுந்தன் பொண்டாட்டி... இவங்கள்லாம் யாரு, பேட்டி எடுத்தாங்களா?"

"ஒருத்தரை விட்டா ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்க மேடம். பந்தியில இலை விட்டுப்போன மாதிரி பேசுவாங்க."

"குழந்தையை யார் பாத்துக்கிட்டாங்க?"

"மாமியார்தான்."

"அப்ப அவங்களுக்கு ஒரு வரி. மிச்சப் பேருக்கு 'குடும்பத்தார்'. கேட்டா மேடம் வெட்டிட்டாங்கன்னு என்மேல பழி போட்டுடு."

டீச்சர் சிரித்தாள். மூன்றரைப் பக்கம் கரைந்து முக்கால் பக்கத்துக்கு வந்துவிட்டது. முதல் பத்தி மட்டும்தான் பாக்கி. மேடம் பேனாவை மூடினார்.

"இது எங்கேருந்து எடுத்தே?"

சிரிப்பு போய்விட்டது. "எல்லாரும் இதைத்தான் போடுவாங்க மேடம். போன தடவை முடிச்ச அண்ணன்தான் குடுத்தார். ஒரு எழுத்துகூட மாத்தாதே, மேடத்துக்குப் பிடிக்கும்னார்."

"எனக்குப் பிடிக்கும்னு யார் சொன்னா?"

"உங்களோடது மேடம். நீங்க எழுதினது. அதனால."

அவருக்குக் கோபம், அவமானம், இந்தப் பெண்ணின்மேல் ஒரு பரிதாபம், எல்லாம் ஒன்றாக வந்தன. "அதை எடுத்துடு. நான் உனக்கு உண்மையில என்ன செஞ்சேனோ அதை மட்டும் எழுது. ஒண்ணு போதும். இப்பவே சொல்லேன், கேப்போம்."

டீச்சர் மேசையைப் பார்த்தாள். பீரோவைப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் தள்ளி, கையெழுத்துக்காகக் காத்திருந்த சான்றிதழையும் பார்த்தாள். மேடம் அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டார். பெரிய சாரின் மேசைமேல் ஒருகாலத்தில் அவர் பார்த்த பார்வைதான் அது. சட்டென்று சான்றிதழை இழுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி அவள் பக்கம் தள்ளினார்.

"இந்தா. இனி நான் ஒண்ணும் பண்ண முடியாது. இப்ப சொல்லு."

"வைவா இருக்கே மேடம்" என்றாள் டீச்சர் மெதுவாக. "அப்புறம் வேலைக்குப் போட்டா உங்க சிபாரிசுக் கடிதம் கேப்பாங்க. உங்களோட சேர்ந்து எழுதற கட்டுரை வேற வரணும்."

உண்மைதான். ஒரு கையெழுத்தோடு தீர்கிற விஷயமா இது? மேடம் ஓய்ந்துபோய்ச் சாய்ந்தார். "சரி, அப்ப என்னை விட்டுடு. எனக்கு நன்றியே வேண்டாம்."

"ஐயோ!" டீச்சர் பதறிப்போனாள். "கைடு பேரே இல்லாம எப்படி மேடம்? நமக்குள்ள சண்டைன்னு ஊரே பேசும். தேர்வாளர் மொதக் கேள்வியே அதைத்தான் கேப்பார். ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு."

அதுவும் உண்மை. புகழ்ந்தாலும் பொய், விட்டாலும் வம்பு. அந்த அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து மூச்சுவிடக் காற்றில்லாததுபோல் இருந்தது. மேடம் எழுந்து ஜன்னலைத் திறந்தார். சுவர்தான் தெரிந்தது.

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தப் பத்தியை எழுதினப்ப நான் பெரிய சாரை அடியோட வெறுத்தேன். கையெழுத்துக்காக எழுதினேன். அதுல ஒரு வார்த்தைகூட உண்மையில்ல. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்க சார்கிட்டகூட." உங்க சார் என்றது கணவரை. "இப்ப நீயும் அப்படித்தான் எழுதினியோன்னு தெரியணும் எனக்கு. வேற ஒண்ணும் இல்ல."

திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. வெகு நேரம் வேறு சத்தமில்லை. பிறகு காகிதம் மேசைமேல் நகர்ந்தது.

'என் நெறியாளருக்குக் கடைசி வரை பயந்தேன். என் தவறு ஒன்றைக்கூட அவர் விடவில்லை. நான்காம் இயலின் கணக்கில் நான் தவறியபோது யாருக்கும் தெரியாமல் தனியே அழைத்துச் சொன்னார். இரண்டுக்கும் நன்றி.'

பயந்தேன் என்ற சொல் மேடத்தைச் சுருக்கென்று குத்தியது. நான்காம் இயல் விஷயம் அவருக்கு மறந்தே போயிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. வெறுத்தேன் என்று இல்லை. அது போதும் போலிருந்தது. ஆனால் சிவப்புப் பேனா கையில் இருந்தது. துறைத்தலைவர் இதைப் படிப்பார். தேர்வாளர் படிப்பார். ஊரெல்லாம் படிக்கும்படி அலமாரியில் கிடக்கப்போகிறது. முதல் வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டால் எவ்வளவு அழகான பத்தி! பேனா முனை அந்த வரிமேல் வந்து நின்றது. அடித்தால் தானும் பெரிய சாரும் ஒன்று.

மேடம் பேனாவை ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சுருக்கொப்பம் போட்டார். "போய்ச் சுத்தமா டைப் பண்ணி எடுத்துட்டு வா" என்றார். குரல் வழக்கம்போல் கறாராகவே வந்தது.

டீச்சருக்குப் பட்டம் கிடைத்தது. தேர்வாளர் நன்றியுரையைப் படித்துவிட்டு மேடத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியதோடு சரி. துறைத்தலைவர் கொஞ்ச நாள் "என்ன மேடம், பிள்ளைங்களை பயமுறுத்தறீங்களாமே" என்று வராந்தாவில் சீண்டினார். மேடம் சிரித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தனக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மையான நன்றி என்று அவர் உள்ளுக்குள் அதைப் பொத்தி வைத்திருந்தார். பெரிய சார் போன் செய்து யாருக்கோ இடம் கேட்டபோது முதல் தடவையாக, "அது முடியாது சார்" என்றார்.

அடுத்து முடித்தவன், சந்தைகளின் எடைத்தராசு பற்றி எழுதிய பையன். மேடத்தின் பிரியமான மாணவன். அவரோடு எதிர்த்து வாதம் செய்வான், அவர் சொன்ன திருத்தத்தில் பாதியைத் தள்ளிவிடுவான், அவர் பிளாஸ்கிலிருந்து கேட்காமலே காபி ஊற்றிக் குடிப்பான். அவனுடைய நன்றியுரை ஒரே பக்கம்தான். எதிரே அவன் உட்கார்ந்திருக்க, மேடம் ஆசையாகக் கையில் எடுத்தார்.

'என் நெறியாளருக்குக் கடைசி வரை பயந்தேன். என் தவறு ஒன்றைக்கூட அவர் விடவில்லை. நான்காம் இயலின் கணக்கில்...'

அவன் ஆய்வேட்டின் நான்காம் இயலில் கணக்கே கிடையாது.

மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை. காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்.

"உனக்கு என்கிட்ட பயமாடா?"

எந்தப் பதில் சொன்னால் அவருக்குப் பிடிக்கும் என்று அந்தப் பையன் அவர் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.